வீட்டு நாஸ் பெட்டியா, மாதக் கட்டண கிளவுடா: ஐந்து வருடக் கணக்கைப் போடும் முறை

கிளவுடுக்கு மாதம் 650 ரூபாய், 60 மாதத்துக்கு 39,000 ரூபாய். வீட்டு ரவுட்டரில் இணைத்து, குடும்பத்தின் படங்களையும் கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கும் நாஸ் பெட்டி 22,000 ரூபாய். அப்படியென்றால் நாஸ் லாபம். பலர் வீட்டில் கணக்கு இந்த மூன்று வரியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த 22,000 ரூபாய்க்கு வருவது வெறும் பெட்டிதான், உள்ளே போடும் ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக வாங்க வேண்டும். டிஸ்க்கைச் சேர்த்த பிறகும் ஒப்பீடு நேராகாது. வீட்டில் திருட்டோ தீயோ நடந்தால் பெட்டியோடு படங்களும் போய்விடும், கிளவுடில் அப்படிப் போகாது. இரண்டையும் ஒரே அளவு பாதுகாப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் விலையை ஒப்பிட முடியும்.

இன்னொன்று, விடை எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றல்ல. உங்கள் வீட்டுத் தரவு இரண்டு டெராபைட்டை எப்போது தாண்டும் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. அதனால் விலைப்பட்டியலைப் பிறகு பார்ப்போம், முதலில் அளவு.

முதல் படி: இப்போது எவ்வளவு, மாதம் எவ்வளவு கூடுகிறது

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள்:

```
one.google.com/storage
photos.google.com/quotamanagement
```

முதல் பக்கம் மெயில், டிரைவ், போட்டோஸ் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். இரண்டாவது பக்கம் போட்டோஸில் இடத்தை அடைக்கும் பெரிய வீடியோக்களை எடுத்துக் காட்டும், மீதமுள்ள இடம் எத்தனை நாளைக்கு வரும் என்ற உத்தேசமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஐகிளவுட் பகுதியைப் பார்த்தால் போதும். குடும்பத்தில் ஒவ்வொருவர் எண்ணையும் எழுதிக் கூட்டுங்கள். பழைய லேப்டாப், பீரோவில் கிடக்கும் பென் டிரைவ், வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 2021 ஜூன் 1-க்கு முன்னால் கூகுள் போட்டோஸில் 'உயர் தரம்' என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் உங்கள் ஒதுக்கீட்டில் கணக்காகவில்லை. அந்தப் பக்கம் 400 ஜிபி என்று காட்டினாலும் உண்மையில் படங்கள் அதைவிட அதிகமாக இருக்கலாம். கிளவுடிலேயே தொடர்ந்தால் அது உங்களுக்கு இலவச இடம். நாஸுக்கு மாற்றினால் அந்தப் படங்களுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும்.

மாத வளர்ச்சியை அறிய, இன்றைய எண்ணை எழுதி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். திருமணம், சுற்றுலா வந்த மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, கல்லூரி மகள், பள்ளி மகன் என நால்வர், வீடு மதுரையில். இன்று கையில் 1,200 ஜிபி இருக்கிறது, மாதம் 25 ஜிபி கூடுகிறது. 800 ஜிபி இன்னும் மிச்சம் என்பதால், 32 மாதத்தில் 2 டெராபைட் நிரம்பும். ஐந்தாம் வருட முடிவில் 2,700 ஜிபி ஆகியிருக்கும். அந்த 32 என்ற எண்ணை ஓரமாக எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: கிளவுட் பக்கம்

கூகுள் ஒன்னில் 2 டெராபைட் திட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் விலை மாதம் 650 ரூபாய், வருடமாகக் கட்டினால் 6,500 ரூபாய். அதாவது வருடச் சந்தாவில் இரண்டு மாதம் சும்மா கிடைக்கிறது. கட்டுபவரோடு சேர்த்து ஆறு பேர் பகிரலாம். ஏஐ வசதிகளோடு பல மடங்கு விலைக்கு விற்கும் திட்டமும் அதே பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வெறும் இடம் என்றால் அது கணக்கில் வரக்கூடாது.

கிளவுட் விலை சாய்தளமாக ஏறுவதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. 2 டெராபைட்டுக்கு ஒரு ஜிபி கூடினாலும் அடுத்த பெரிய திட்டத்துக்குப் போகச் சொல்லும். ஆப்பிளில் இது பளிச்சென்று தெரியும்: ஐகிளவுடில் 2 டெராபைட் மாதம் 749 ரூபாய், அதற்கடுத்த படி 6 டெராபைட், மாதம் 2,999 ரூபாய். நம் மதுரைக் குடும்பம் ஆப்பிளில் இருந்து, 33-ஆம் மாதத்தில் அந்தப் படியில் ஏறினால், 32 மாதத்துக்கு 23,968 ரூபாயும் மிச்ச 28 மாதத்துக்கு 83,972 ரூபாயும் சேர்ந்து 1,07,940 ரூபாய் ஆகிவிடும்.

இந்தத் தாவலைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. நிரம்பும் நேரத்தில் பெரிய திட்டத்துக்கு மாறாமல், குடும்பத்தில் அதிகம் படம் எடுப்பவர் குழுவிலிருந்து விலகித் தன் கணக்கிலேயே இன்னொரு 2 டெராபைட் திட்டம் வாங்கிக்கொள்ளலாம். நம் குடும்பத்தில் அது மகள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு குடும்பக் குழுவில்தான் இருக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கணக்கு இப்படி வருகிறது. முதல் திட்டம் ஐந்து வருடத்துக்கு 32,500 ரூபாய். இரண்டாவது திட்டம் கடைசி 28 மாதத்துக்கு மட்டும்: இரண்டு வருடச் சந்தா 13,000, மிச்ச நான்கு மாதத்துக்கு 2,600, ஆக 15,600. மொத்தம் 48,100 ரூபாய். ஆப்பிளிலும் இதே மாதிரி ஒருவர் தனித் திட்டம் வைத்தால் 749 ரூபாயை 88 மாதக் கட்டணமாகப் பெருக்கி 65,912 ரூபாய். இந்த வித்தியாசத்தில் சுமார் பாதி, வருடச் சந்தா அங்கே இல்லாததால் வருவது.

கிளவுட் ஒன்றையே நம்பி இருப்பதும் சரியல்ல. போனில் ஒரு ஆல்பத்தைத் தவறி அழித்தால், ஒத்திசைவு அதைக் கிளவுடிலும் அழித்துவிடும். குப்பைத்தொட்டியின் கெடு முடிந்தால் படம் போனது போனதுதான். கணக்கு முடக்கப்பட்டாலும் அதே கதை. அதனால் வீட்டில் ஒரு 4 டெராபைட் யுஎஸ்பி டிஸ்க் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கிளவுடிலிருந்து இறக்கி நகல் எடுக்க வேண்டும். அதற்கு 10,000 ரூபாய் போடுவோம். கிளவுட் பக்கம் ஆக மொத்தம் 58,100 ரூபாய்.

மூன்றாம் படி: நாஸ் பக்கம்

வன்பொருள் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கீழே இருப்பவை கணக்குக்காக நான் வைத்த எண்கள், உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டிஸ்க் போடும் ஆரம்ப நிலைப் பெட்டி 22,000. நாஸுக்கென்றே வரும் 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, ஒன்று 12,000 வீதம் 24,000. சிறிய யுபிஎஸ் 4,000. வெளியே வைக்கும் நகலுக்கு 4 டெராபைட் யுஎஸ்பி டிஸ்க் 10,000. முதல் நாளில் கையை விட்டுப் போகும் பணம் 60,000 ரூபாய்.

டிஸ்க் வாங்கும்போது இரண்டு விஷயம். வெஸ்டர்ன் டிஜிட்டலில் 'ரெட்' என்று மட்டும் போட்ட சில டிஸ்க்குகள் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. 2020-இல் இது பெரிய சர்ச்சையானது, ஏனென்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதி வைக்கும் ரெய்டு போன்ற அமைப்பில் ஒரு டிஸ்க் போய்ப் புதியதில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்போது அந்த வகை மிக மெதுவாகிவிடுகிறது. 'ரெட் பிளஸ்' என்று இருப்பதையோ சீகேட்டின் 'அயர்ன்வுல்ஃப்' வகையையோ கேட்டு வாங்குங்கள். அப்புறம், பில் போடுவதற்கு முன்னால் டிஸ்க்கின் சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் வாரன்டி பக்கத்தில் அடித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்காக இருந்தால் இந்தியாவில் வாரன்டி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆயிரம் ரூபாய் மலிவு என்பதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான்.

இனி ஓடும் செலவு. இரண்டு டிஸ்க் பெட்டி டிஸ்க்குகள் சுழலும்போது 15 முதல் 17 வாட் இழுக்கும், டிஸ்க்குகள் தூங்கினால் 5 வாட்டுக்குள் வந்துவிடும். ஆனால் நால்வரின் போனும் இரவு பகலாகப் படம் ஏற்றிக்கொண்டே இருக்கும் வீட்டில் டிஸ்க் தூங்குவது அபூர்வம். யுபிஎஸ் இழப்பையும் சேர்த்து 20 வாட் என்று வைப்பது நேர்மையான கணக்கு. வருடத்துக்கு 175 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 29 யூனிட்.

இந்த 29 யூனிட்டுக்கு சராசரி விலை போடக்கூடாது. ஏற்கெனவே ஓடும் ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு மேலே இது கூடுவதால், உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப் விலைதான் இதற்குப் பொருந்தும். நான் யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்திருக்கிறேன்: வருடம் 1,400, ஐந்து வருடத்தில் 7,000 ரூபாய். உங்கள் வீடு வழக்கமாக 480, 490 யூனிட்டில் நின்றால் கூடுதல் கவனம் தேவை. 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலை போய்விடும், அந்த இரண்டு மாத பில் ஒரேயடியாக எகிறும்.

யுபிஎஸ் பேட்டரி நம் வெயிலில் மூன்று வருடம் வந்தாலே நல்லது. ஒருமுறை மாற்ற 1,500 ரூபாய். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்து, அதை யுபிஎஸ் முறையில் வைத்தால் பெட்டி அணையாமல் ஓடும். அப்படியென்றால் யுபிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் வைத்த 5,500 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் யுஎஸ்பி கேபிளோடு வரும் யுபிஎஸ் 'மின்சாரம் போய்விட்டது, ஒழுங்காக மூடிக்கொள்' என்று நாஸுக்குச் சொல்லும், சாதாரண இன்வெர்ட்டர் சொல்லாது. நீண்ட மின்வெட்டில் அதன் பேட்டரி தீர்ந்தால் பெட்டி பட்டென்று அணையும்.

டிஸ்க் கெடுவதற்கும் ஒரு தொகை வைக்க வேண்டும். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன் பழுது விகிதத்தை வெளியிட்டு வருகிறது, வருடத்துக்கு சுமார் ஒன்றரை சதவீதம். இரண்டு டிஸ்க், ஐந்து வருடம் என்றால் ஏதாவது ஒன்று கெட ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு. அது குளிரூட்டிய கூடத்தின் கணக்கு, நம் வீட்டு அலமாரியின் சூட்டுக்கும் தூசுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டி 3,000 ரூபாய் ஒதுக்குகிறேன். மேலே சொன்ன இரண்டு வகை டிஸ்க்குக்கும் வாரன்டி மூன்று வருடம். அதற்குப் பிறகு கெட்டால் உங்கள் செலவு.

ஓடும் செலவு மொத்தம் 11,500. முதல் நாள் 60,000 ரூபாயோடு சேர்த்து நாஸ் பக்கம் 71,500 ரூபாய்.

வெளியே ஒரு நகல்: ஏன் இதைக் கழிக்க முடியாது

ரெய்டு இருக்கிறதே, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவுதானே, பிறகு எதற்கு மூன்றாவது டிஸ்க் என்று கேட்பார்கள். ரெய்டு 1 காப்பது ஒரே ஒரு விபத்திலிருந்து: ஒரு டிஸ்க் கெடுவது. தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் வந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இடி இறங்கினாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன.

அந்த வெளி நகலைக் கிளவுடிலேயே வைத்தால் என்ன? இணையத்தில் அதிகம் சிபாரிசாவது இதுதான், செலவுக் கணக்கு கவிழ்வதும் இங்கேதான். பேக்பிளேஸின் பி2 என்ற இணையச் சேமிப்புக்கு ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நம் குடும்பத்தின் ஐந்து வருட சராசரி அளவு 1.95 டெராபைட். 60 மாதத்துக்கு 702 டாலர், ரூபாயில் சுமார் 60,000. நாஸின் காப்பு நகலுக்கு மட்டும், நாஸே இல்லாத கிளவுட் வழியின் மொத்தச் செலவைவிட அதிகம்! வீட்டு உபயோகத்துக்கான குடும்பத் திட்டங்கள் அந்த அளவுக்கு மலிவு. இரண்டு, மூன்று டெராபைட் அளவில் நாஸையும் வைத்து அதன் நகலையும் இணையத்தில் வைக்கும் வழி பணத்தில் ஒருபோதும் ஜெயிக்காது.

அதனால்தான் 10,000 ரூபாய் யுஎஸ்பி டிஸ்க். மாதம் ஒருமுறை நாஸில் செருகி நகல் எடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அத்தை வீட்டிலோ ஆபீஸ் டிராயரிலோ வைப்பது. இதில் விலை இல்லாத செலவு ஒன்று இருக்கிறது: யாராவது ஞாபகமாகச் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த டிஸ்க் மூன்றாவது மாதத்தோடு நாஸ் பக்கத்திலேயே தங்கிவிடும். உங்கள் வீடும் அப்படித்தான் என்று தோன்றினால் கிளவுடே உங்களுக்குப் பொருத்தம், மேற்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை.

நான்காம் படி: எண்களை அசைத்துப் பார்ப்பது

இப்போது கையில் இருப்பது கிளவுட் 58,100, நாஸ் 71,500. வித்தியாசம் 13,400 ரூபாய், ஐந்து வருடத்துக்கு இது சின்னத் தொகைதான். எதை மாற்றினால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

முதலில் வீடியோ. ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் வீடியோ நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி, 1080-இல் எடுத்தால் சுமார் 60 எம்பி. செட்டிங்ஸில் கேமரா பகுதியிலேயே இந்த எண்கள் எழுதியிருக்கும். அன்றாட வீடியோக்களை 1080-க்கு மாற்றி, மாத வளர்ச்சியை 25-லிருந்து 12 ஜிபிக்குக் குறைத்தால் ஐந்தாம் வருட முடிவில் 1,920 ஜிபி. இரண்டாவது திட்டமே தேவையில்லை. கிளவுட் செலவு 42,500 ரூபாயாக இறங்கிவிடும், நாஸ் கிட்டே வர முடியாது.

அடுத்து ரெய்டு. ரெய்டின் உண்மையான பயன், ஒரு டிஸ்க் கெட்ட நாளிலும் வேலை நிற்காமல் ஓடுவது. ஒரு கடைக்கோ ஸ்டுடியோவுக்கோ அது முக்கியம். வீட்டு ஆல்பம் ஒரு வாரம் திறக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒரே டிஸ்க் போட்டு, வெளி நகலை ஒழுங்காக எடுத்தால் டிஸ்க் விலையில் 12,000, பழுது ஒதுக்கீட்டில் 1,500 மிச்சம், நாஸ் 58,000-க்கு வந்து கிளவுடுக்குச் சமமாக நிற்கும். ஆனால் டிஸ்க் போனால் கடைசி நகலுக்குப் பிறகு வந்தவை போய்விடும். ஒரு மாதப் படங்கள் போனிலேயே அழிக்காமல் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த வழி.

மூன்றாவது, அளவு. கேமராவில் ரா படம் எடுப்பவரோ கல்யாண வீடியோ வேலை செய்பவரோ வீட்டில் இருந்து, முதல் வருடத்திலேயே 6 டெராபைட் தேவை என்றால் கதை முழுவதும் மாறும். ஐகிளவுட் 6 டெராபைட் ஐந்து வருடத்துக்கு 1,79,940 ரூபாய். நாஸில் கூடுவது டிஸ்க் விலை மட்டும்: 8 டெராபைட் டிஸ்க் இரண்டு 40,000, அதே அளவு யுஎஸ்பி டிஸ்க் 18,000 என்று வைத்தாலும், பெட்டி, யுபிஎஸ், ஓடும் செலவு எல்லாம் சேர்த்து 95,500 ரூபாய்தான். இந்த அளவில் நான் தயங்காமல் நாஸ் என்பேன்.

வட்டியையும் விலையேற்றத்தையும் சேர்க்க வேண்டுமா? நாஸுக்கு முதல் நாளே 60,000 போகிறது, கிளவுடுக்குத் தவணை தவணையாக. அந்தப் பணத்தை வங்கி வைப்பில் போட்டு, கிளவுட் கட்டணத்தை அதிலிருந்தே கட்டிவந்திருந்தால் ஐந்து வருடத்தில் ஒன்பது, பத்தாயிரம் வட்டி வந்திருக்கும். மறுபக்கம் கிளவுட் கட்டணம் ஐந்து வருடம் அப்படியே நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஒன்றுக்கொன்று சரியாகப் போகும் என்று நான் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

ஆறாம் வருடமும் வெளியேறும் செலவும்

ஐந்து வருடம் என்பது நாம் போட்ட கோடு. ஆறாம் வருடம் கிளவுடில் இரண்டு திட்டத்துக்கும் 13,000 ரூபாய் கட்டணும், நாஸில் மின்சாரம் 1,400 மட்டும். பழைய டிஸ்க்குகள் தாக்குப் பிடித்தால் அந்த ஒரு வருடத்திலேயே 13,400 ரூபாய் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். மாற்ற வேண்டி வந்தால் மறுபடி 24,000. எனவே ஐந்தாம் வருடம் டிஸ்க்கின் நிலையைப் பார்க்க வேண்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் எஸ்எம்ஏஆர்டி தகவல் பெட்டியின் மெனுவிலேயே இருக்கும், கட்டளை அடிக்கத் தெரிந்தவர்கள் இப்படிப் பார்க்கலாம் (டிஸ்க்கின் பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும்):

```
sudo smartctl -A /dev/sda | grep -E "Reallocated_Sector|Current_Pending"
```

கடைசி எண் இரண்டு வரியிலும் பூஜ்யமாக இருந்தால் ஓட்டலாம். பூஜ்யம் இல்லாமல் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை உடனே மாற்றுங்கள். எண் பூஜ்யமாக இருந்தும் திடீரென்று போகும் டிஸ்க்குகள் உண்டு, அதற்குத்தான் வெளி நகல்.

கிளவுடிலிருந்து வெளியேறுவதற்குப் பணம் இல்லை, பொறுமை வேண்டும். கூகுள் டேக்அவுட் எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாகக் கட்டித் தரும், ஒன்றுக்கு 50 ஜிபி என்று தேர்ந்தெடுப்பது வசதி. இறக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 2 டெராபைட் இறக்க, வேகம் குறையாமல் ஓடினாலும் 44 மணி நேரம். பல ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 3.3 டெராபைட் என்பதால், பாதியில் அறுந்து மறுபடி ஆரம்பித்தால் அந்த மாத ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஒவ்வொருவர் கணக்கையும் வெவ்வேறு மாதத்தில் இறக்குங்கள். படம் எடுத்த தேதி சில கோப்புகளில் தனி ஜேசன் கோப்பாக வரும், அதைச் சேர்க்காமல் நாஸில் போட்டால் 2014-இல் எடுத்த படம் இன்றைய தேதியில் போய் உட்காரும்.

இறக்கி முடித்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே சந்தாவை நிறுத்துங்கள். கூகுளில் சந்தா நின்று, இலவச 15 ஜிபிக்கு மேல் தரவு இருந்தால் புதிய படம் ஏறாது, ஜிமெயிலுக்கு வரும் கடிதமும் நின்றுவிடும். அந்த நிலை இரண்டு வருடம் நீடித்தால் உள்ளே இருப்பதை அழிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வங்கி ஓடிபியும் காலேஜ் மெயிலும் அதே ஜிமெயிலுக்கு வரும் வீட்டில், சந்தாவை நிறுத்துவதற்கு முன் டிரைவையும் போட்டோஸையும் காலி செய்து 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.